கண்ணாடித் தகட்டில் ஒரு கை

கண்டியில் நான் செய்த வேலைகளில் விசித்திரமானது, ஒரு மனிதனை அவனுடைய படத்திலிருந்து அகற்ற உதவியது. கை மட்டும் மிஞ்ச வேண்டும். கைக்குரியவன் போய்விட வேண்டும். என்னை வேலைக்கு வைத்திருந்த டொக்டர் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் சில வருடம் இருந்துவிட்டு, அது நொடித்துப் போனதும் கண்டிக்கு வந்திருந்தேன். மற்றப் பத்திரிகைகளுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்புவேன். வருமானம் போதாது. அப்போது இந்த டொக்டருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் யாழ்ப்பாணத்தவர், தோல் நோய்களில் ஈடுபாடு உள்ளவர். தேயிலைத் தோட்டங்களில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்களுக்கும் மருத்துவிச்சிகளுக்கும் மாதம் ஒரு முறை ஒரு பாடசாலை மண்டபத்தில் பாடம் நடத்தினார். கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களை விளக்கு வைத்த பெட்டிக்குள் செருகி, வெள்ளைத் துணியில் பெரிதாகக் காட்டுவார். அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்ததை எல்லாருக்கும் விளங்கும் தமிழாக்குவதும், பாடத்தன்று தகடுகளை வரிசையாக எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

அந்த மாதத்துப் பாடம் குஷ்டம். அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி என்பது. தோலில் வெளிறிய படை இருக்கும், அந்த இடத்தில் உணர்வு இருக்காது. சிலருக்குப் படை கண்ணில் படுவதற்கு முன்பே கை மரத்துவிடும். மரத்த கை சுட்டாலும் தெரியாது. வலிக்காத சூட்டுக்காயத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள் என்பதுதான் டொக்டர் சொல்ல விரும்பியது. அதற்கு அவரிடம் ஒரு படம் இருந்தது. ஒரு நோயாளி, நோய் உறுதியாகி, மேற்குக் கரையில் இருந்த குஷ்டரோகிகளின் ஆசுப்பத்திரிக்குப் போவதற்கு முன்பு எடுக்கச் சம்மதித்த படம். அவர் இரண்டு நிபந்தனை வைத்திருந்தார்: முகம் வரக்கூடாது, பெயர் வரக்கூடாது. அவர் இந்தியாவுக்குப் போயிருப்பதாக வீட்டார் ஊரில் சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் கடையை நடத்திக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் அந்தக் கடையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

படம் எடுத்தவர் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர். தகப்பனார் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். கலியாணப் படங்களில் பெயர் பெற்றவர். நெகட்டிவ் கண்ணாடியின் ஓரத்தில் அவர் வழக்கப்படி நோயாளியின் பெயர், ஊர், தேதி மூன்றையும் கறுப்பு மையில் எழுதி வைத்திருந்தார். அச்செடுத்தால் அது வெள்ளை எழுத்தாக வரும். இதை அழிப்பது சுலபம் என்று நினைத்தேன். ஈரத்துணியால் துடைத்தார், பாதி போயிற்று, மீதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னும் வாசிக்க முடிந்தது. கடைசியில் ஓரத்தின் மேல் கறுப்புக் காகிதச் சட்டம் வைத்து மறைக்கலாம் என்றார். டொக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. காகிதத்தை யாராவது பிரித்தால் எழுத்து அப்படியே இருக்கும். ஆகவே சட்டமும் வேண்டாம், துடைப்பும் வேண்டாம், எழுத்து இருந்த படலத்தையே கத்தியால் சுரண்டி எடுக்கச் சொன்னார்.

முகத்தை நீக்குவதில் பிரச்சினை இல்லை. நோயாளி ஒரு கதிரையில் உட்கார்ந்து வலது கையை மேசையில் நீட்டியிருந்தார். தோளுக்கு மேல் வெட்டிவிட்டோம். பிறகு நான் படத்தைப் பத்திரிகைக்காரன் பார்ப்பதுபோலப் பார்த்தேன். பின்சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் மாதம் தெரிந்தது, அதற்கு மேலே ஒரு புடைவைக்கடையின் பெயர் தெரிந்தது. தேதியைச் சுரண்டி எடுத்த அதே படத்தில், சுவரில் இன்னொரு தேதி. ஸ்டூடியோக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதையும் வெட்டினோம். முழங்கைக்கு மேலே ஒரு கறுப்புக் கயிறு, அதில் தாயத்து. அதன் மேல் மை பூசினார். உடுத்திருந்த சாரத்தின் கட்டம் கூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் சொன்னபோது, "இப்படியே போனா கையையும் மறைக்கச் சொல்லுவீங்க போல" என்றார்.

அவர் சொன்னது வேறு விதத்தில் பலித்தது. இரண்டு நாள் கழித்து அச்செடுத்துக் கொண்டுவந்த தகட்டை டொக்டர் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். அழகான கை. கலியாணப் படத்தில் வரும் மாப்பிள்ளையின் கை. முன்கையில் இருந்த சூட்டுத் தழும்புகள், சுண்டுவிரல் பக்கத்தில் இருந்த ஆழமான காயம், ஒன்றும் இல்லை. ஸ்டூடியோவில் ரீடச் செய்பவர்களுக்கு, அதாவது நெகட்டிவைத் திருத்துபவர்களுக்கு, முகப்பரு, அம்மைத் தழும்பு, எதைக் கண்டாலும் பென்சிலும் கத்தியும் தானாக ஓடும். இங்கும் ஓடியிருக்கிறது.

"நான் காட்டவெண்டு எடுத்ததையே நீர் துடைச்சுப் போட்டீர்," என்றார் டொக்டர்.

ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "அடையாளம் எல்லாம் எடுக்கச் சொன்னீங்களே ஐயா. தழும்பை விட அடையாளம் வேற என்னங்க?"

அப்போது இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். நல்லவேளை, அதே நாளில் எடுத்த இரண்டாவது நெகட்டிவ் ஒன்று இருந்தது. அதில் பெயரையும் நாட்காட்டியையும் தாயத்தையும் மீண்டும் எடுத்துவிட்டு, தழும்பை மட்டும் விட்டு அச்செடுத்தோம். தகட்டின் மேல் இன்னொரு கண்ணாடி வைத்து ஓரத்தைக் காகித நாடாவால் ஒட்டினோம். நான் எழுதிய குறிப்பில் நோயாளியின் வயதையும் ஊர்ப் பக்கத்தையும் தொழிலையும் போட்டிருந்தேன். டொக்டர் மூன்றையும் அடித்துவிட்டு "ஒரு ஆண்" என்று எழுதினார். பத்திரிகையில் இருந்தால் அந்த வரியை ஆசிரியர் என் முகத்தில் எறிந்திருப்பார். இப்போது எங்களிடம் இருந்தது யாருடையதும் அல்லாத ஒரு கை. அப்படித்தான் நம்பினோம்.

பாடத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. மண்டப விளக்குகள் அணைந்து, கை துணியில் ஓர் ஆள் உயரத்துக்கு விரிந்தது. முன்கையின் வெளிப்புறத்தில் மேலும் கீழுமாக வரிவரியாய்ப் பழைய சூட்டுக் கோடுகள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் சற்றே உள்நோக்கி மடங்கியிருந்தன. விரல் மடங்குவதும் நரம்பு கெட்டதன் அடையாளம்தான் என்று டொக்டர் குச்சியால் காட்டினார். சாதாரணமாகச் சுட்டால் கை தானாக விலகும், காயம் மேலோடு நிற்கும். இந்த ஆள் விலகவில்லை, ஆகவே சுண்டுவிரல் பக்கத்துக் காயம் எலும்புவரை போயிருக்கிறது என்றார்.

இருட்டில் யாரோ, கம்பளைப் பக்கத்து டிஸ்பென்சர் என்று பிறகு தெரிந்தது, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இது போறணைக் கை."

போறணை என்றால் பாண், அதாவது ரொட்டி, சுடும் அடுப்பு. அதன் வாய் தாழ்வானது. நீண்ட மரத் துடுப்பால் பாணை உள்ளே தள்ளி எடுக்கும்போது வாயின் விளிம்பு முன்கையில் படும். பல வருடம் இந்த வேலை செய்தவன் கையில் வரிவரியாகக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு தொழிலைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது, அவருக்கு அவை சூட்டுத் தழும்புகள், அவ்வளவுதான். ஆனால் அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

மாலை ரெயிலில் பாடம் கேட்டவர்கள் சேர்ந்து போனார்கள். நாவலப்பிட்டிக்குப் போகிற வண்டியில் பாண் சுடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்திருக்க வேண்டும். கம்பளையில் ஒரு பாண்காரரைப் பலருக்குத் தெரியும். முஸ்லிம் மனிதர், நல்ல வியாபாரி. அவருடைய கையில் கோடுகள் உண்டு. அவருடைய வலது சுண்டுவிரல், சிறு வயதில் கதவிடுக்கில் நசுங்கி, மடங்கியே இருக்கும். அந்த மாதத்தில் அவர் கையில் கட்டும் போட்டிருந்தார், ஏதோ சின்னக் காயத்துக்கு. வண்டி கம்பளைக்கு வந்து சேரும்போது கைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அது அவருடைய கை அல்ல. பெயரைச் சுரண்டுவதற்கு முன்பு நான் வாசித்திருந்தேன். அது வேறு பெயர், வேறு ஊர்.

அடுத்த பாடத்துக்கு முன்பாகவே பாண்காரர் கண்டிக்கு வந்துவிட்டார். டொக்டரின் அறைக்கு வெளியே இருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். தொப்பி, முழுக்கைச் சட்டை, மடியில் ஒரு துண்டு. உள்ளே கூப்பிட்டதும் முதலில் சட்டையைக் கழற்றினார். மூன்று தோட்டங்கள் அவரிடம் பாண் வாங்குவதை நிறுத்திவிட்டனவாம். பள்ளிவாசலுக்குப் போனால் வரிசையில் இரண்டு பக்கமும் இடம் விட்டு நிற்கிறார்களாம். மூத்த மகளுக்குப் பேசியிருந்த இடத்திலிருந்து ஆள் வரவில்லையாம். எதையும் குரல் உயர்த்திச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார்.

டொக்டர் அவருடைய கைகளை மேசையில் வைக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டார். தொட்ட இடத்தையெல்லாம் பாண்காரர் விரலால் காட்டினார். ஊசி முனையையும் மொட்டையான முனையையும் மாற்றி மாற்றி வைத்தார். எது கூர், எது மொட்டை என்று தவறாமல் சொன்னார். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தார், தடித்திருக்கவில்லை. சூட்டுக் கோடுகள் எல்லாம் மேலோடு நின்றன.

"உமக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஒரு நோயும் இல்லை," என்றார் டொக்டர்.

"எனக்குத் தெரியும் டொக்டர். அத ஊருக்குச் சொல்லுங்க. படத்துல ஈக்கிறது நான் இல்லன்னு ஒரு வார்த்த. ஒங்கட வாயால."

இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. உண்மை. ஒரு வரி. டொக்டர் ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பாண்காரர் என்னைப் பார்த்தார். நான் பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு மறுப்பு போட்டுத் தரலாமே என்றார். மறுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: கம்பளையில் மட்டும் இருக்கிற பேச்சை ஹட்டனிலும் வாசிப்பார்கள், "அவருக்கு இல்லை" என்பதில் "இல்லை" சீக்கிரம் உதிர்ந்துவிடும். அவர் அதை ஒத்துக்கொண்டார். ஆகவே டொக்டரிடமே திரும்பினார்.

"பாருங்கோ," என்றார் டொக்டர். "இண்டைக்கு உம்மைப் பற்றிக் கேக்கினம், நான் இல்லை எண்டு சொல்லுறன். நாளைக்கு இன்னொரு பாண்காரனைப் பற்றிக் கேப்பினம். அவனுக்கும் இல்லை எண்டு சொல்லலாம். ஒருநாள் உண்மையான ஆளைப் பற்றிக் கேப்பினம். அண்டைக்கு நான் வாயைத் திறக்காட்டில், அது ஓம் எண்டு சொன்ன மாதிரித்தான்."

பாண்காரர் யோசித்தார். அந்த ரெயில் பாதையில் போறணை உள்ள ஊர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர் எண்ணியிருக்க வேண்டும். அவருடைய தொழில் அல்லவா. ஒரு நிமிடத்தில் அவருடைய முகம் மாறிற்று. எந்த ஊரில் எந்தப் போறணைக்காரர் இந்தியாவுக்குப் போயிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறந்தார், பிறகு சொல்ல வந்ததை வேறு வார்த்தைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப என்ட கடை?"

சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் எழுந்துபோனார்.

அன்று மாலை தகட்டை மீண்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பெயர் இல்லை, தேதி இல்லை, முகம் இல்லை. ஆனால் கோடுகள் தொழிலைச் சொல்லின. தொழில் சில ஊர்களைச் சொன்னது. படத்தில் இருந்தவனை மறைத்தோம். பார்க்கிறவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று நினைக்கவில்லை. கொழும்பில் மருத்துவ மாணவர்களுக்கு இந்தக் கையைக் காட்டியிருந்தால் அது வெறும் கை. கம்பளை ரெயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு கடையின் பெயர்ப்பலகை. இதில் எது படத்தில் இருக்கிறது, எது பார்ப்பவரின் தலைக்குள் இருக்கிறது என்று அன்றும் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. தழும்பை எடுத்தால் பாடமே இல்லை. ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று டொக்டர் சொன்னார். ஆனால் அவருடைய பதில் தவறு என்றும் சொன்னார்.

கறுப்புக் காகிதத்தில் ஒரு வட்டத் துளை வெட்டி, சுண்டுவிரல் பக்கத்துக் காயம் மட்டும் தெரியும்படி நெகட்டிவிலிருந்து புதிதாக ஒரு தகடு அச்செடுத்தோம். முன்கையின் கோடுகள் அதில் வரவே இல்லை. பழைய தகட்டையும் இரண்டு நெகட்டிவ்களையும் டொக்டர் ஸ்டூடியோக்காரரின் முன்னிலையில் உடைத்தார். அடுத்த பாடத்தில் கைகள் பற்றிப் பேசாமல், சூடு படும் தொழில்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்: சமையல், துணி தேய்ப்பு, கொல்லுலை, தேயிலை காயவைக்கும் அறை. வட்டத் துளைப் படத்தைக் காட்டியபோது ஒரு மருத்துவிச்சி இது கையா காலா என்று கேட்டார். கம்பளை டிஸ்பென்சர் எழுந்து, இது போன மாதம் பார்த்த அதே ஆளா என்று கேட்டார். படத்தில் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு, அவர் எவராக இருந்தாலும், இந்த மண்டபத்தில் தான் பதில் சொல்லப்போவதில்லை என்றார் டொக்டர். டிஸ்பென்சர் அதற்குத் தலையாட்டினார், விளங்கிவிட்டது என்பதுபோல. என்ன விளங்கிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு டொக்டர் ஒரு காரியம் செய்தார். நாவலப்பிட்டிப் பக்கம் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பளையில் இறங்கினார். பாண்காரரின் கடையில், வீதியைப் பார்த்த வாங்கில் உட்கார்ந்து, பால் இல்லாத பிளேன்டீயும், பணிஸ் என்கிற சீனி தூவிய பன்னும் கேட்டார். பாண்காரர் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். டொக்டர் மெதுவாகத் தின்றார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு முறை நானும் கூடப் போனேன். முதல் முறை வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். டொக்டருக்கு இனிப்பு பிடிக்காது. பணிசின் மேலிருந்த சீனியைத் தட்டிவிடாமல் தின்றதை நான் மட்டும்தான் கவனித்திருப்பேன்.

சில மாதத்தில் கடைக்குக் கூட்டம் திரும்பிற்று. ஒரு தோட்டம் மீண்டும் பாண் எடுத்தது. அப்புறம் இன்னொன்று. டொக்டர் நிம்மதியடைந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருவனை விடுவித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

பிறகு ஒரு வேலையாகத் தனியாகக் கம்பளைக்குப் போனபோது கடைக்குள் நுழைந்தேன். பாண்காரர் என்னை உள்ளே, போறணைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தார். வியாபாரம் எப்படி என்றேன். நல்லா ஈக்கி என்றார். மகளின் பேச்சு? வேறு இடம் வந்திருக்கிறது, கலகெதரவில், நல்ல ஆட்கள் என்றார். எல்லாரும் இப்போது உண்மையைத் தெரிந்துகொண்டார்களா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "உண்மையா? ஊர்ல என்ன பேச்சு தெரியுமா? கண்டி டொக்டர் எனக்கு ஊசி போட்டுக் குணமாக்கிட்டாராம். இல்லாட்டி அவ்வளவு பெரிய மனுசன் வந்து என்ட கையால வாங்கித் தின்பாரா? எனக்கு வராத நோய் எனக்குக் குணமாயிட்டு."

நான் திடுக்கிட்டேன். அதை அவர் மறுக்கவில்லையா என்று கேட்டேன். முதலில் மறுத்தாராம். மறுத்தபோது, பயப்படாதீங்க காக்கா, இப்ப ஒன்னுமில்லதானே என்று அண்ணனிடம் பேசுவதுபோலத் தோளில் தட்டினார்களாம். அதற்குப் பிறகு விட்டுவிட்டார். மறுக்க மறுக்கப் பேச்சு வேறு போறணையைத் தேடிப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் டொக்டரின் அறையில் அவருடைய முகம் மாறியதை நான் பார்த்திருந்தேன்.

இதை டொக்டரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடி எழுந்தேன். பாண்காரர் என்னை உட்காரச் சொன்னார். இன்னொன்று சொல்ல வேண்டும் என்றார். போன வாரம் கடை மூடுகிற நேரத்தில் ஓர் ஆள் வந்தாராம். பாண் வாங்கவில்லை. எல்லாரும் போகும்வரை நின்றுவிட்டு, நீங்க என்ன மருந்து எடுத்தீங்க என்று கேட்டாராம். கேட்கும்போது ஒரு கையைச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தாராம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"என்ன சொல்ல? எனக்கு இல்லன்னு சொன்னா அந்தாள் அப்படியே திரும்பிப் போயிருப்பாரு. ஆசுப்பத்திரிக்கும் போகமாட்டாரு, டொக்டர்கிட்டயும் போகமாட்டாரு. அதனால என்ட கையக் காட்டினேன். பாருங்க, இப்ப சுடுறது எனக்குத் தெரியிதுன்னு போறணை விளிம்புல வெச்சுக் காட்டினேன்." முன்கையைத் திருப்பினார். மற்றக் கோடுகளுக்கு மேலே புதிதாய் ஒரு கோடு, இன்னும் சிவப்பாக. "கண்டி டொக்டர்கிட்டப் போங்க, அவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாருன்னு சொல்லி அனுப்பினேன்."

என் பழக்கம் விடவில்லை. எந்த ஊர் ஆள், என்ன வயது, போனாரா என்று கேட்டேன்.

பாண்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "கண்டிக்குக் காலை ரெயில் எத்தன மணிக்குன்னு கேட்டாரு," என்றார். "சொன்னேன்."